வலது கண்ணுக்குக் கத்திரிப்பூ, இடது கண்ணுக்கு ரோஜா

"என் மேஜையில, லென்ஸுக்குக் கீழ இல்லாததை எழுதி ஒரு மார்க் வாங்கினவன் இதுவரைக்கும் பிறக்கலை. இனியும் பிறக்கப் போறதில்லை."

டாக்டர் சென்னவீரப்பா ஹூகார் இப்படி முழங்கியது ஹூப்ளியில் ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆண்டு விழா மேடையில். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த முதல்வர் கை தட்டினார். பின் வரிசையில் இருந்த இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர்களுக்கு அடுத்த மாதம் நுண்ணுயிரியல் செய்முறைத் தேர்வு இருந்தது.

ஹூகார் அந்தத் துறையின் தலைவர். உலகத்தில் மனிதர்களைச் சாதி, கட்சி, சம்பளம் என்று பலவிதமாகப் பிரித்துக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதும், கிருமிகளைப் போலச் சாயத்தையும் வடிவத்தையும் வைத்துப் பிரித்திருந்தால் நாடு எப்போதோ உருப்பட்டிருக்கும் என்பதும் அவருடைய உறுதியான கருத்து. கிராம் சாயம் போட்டால் கத்திரிப்பூ நிறத்தில் நிற்பது பாசிடிவ். ஸ்பிரிட் ஊற்றியதும் அந்த நிறத்தை விட்டுக்கொடுத்து, கடைசியில் ஊற்றும் சிவப்புச் சாயத்தை வாங்கிக்கொண்டு ரோஜா நிறத்தில் நிற்பது நெகடிவ். உருண்டையா, குச்சியா, உருண்டை என்றால் திராட்சைக் கொத்தா, மணி கோத்த சரமா, இரட்டையா. இவ்வளவுதான் கேள்வி. நிறமும் வடிவமும் சொல்லிவிட்டால் கிருமியின் முகவரி பாதி கையில் கிடைத்த மாதிரி. இதில் பொய் சொல்ல இடமே இல்லை என்று அவர் நம்பினார்.

ஆய்வுக்கூடச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தார்: பார்த்ததை எழுது, தெரிந்ததை எழுதாதே. கன்னடத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. அந்தப் பலகைக்குக் கீழேதான் மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் பல வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தேர்வு நடக்கும் விதம் எளிமையானது. தாங்கியில் அடுக்கிய குழாய்களில் ஒன்றை மாணவர் எடுப்பார். கண்ணாடித் துண்டில் ஒரு துளி பரப்பி, உலர்த்தி, தீயில் மூன்று தடவை காட்டி, ஊதாச் சாயம், அயோடின், ஸ்பிரிட், சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்றிக் கழுவி, நுண்ணோக்கியில் எண்ணெய் லென்ஸைப் பொருத்தி, கண்டதை எழுதி வைப்பார். தேர்வாளர் வந்து குனிந்து பார்ப்பார். குழாயில் என்ன இருக்கும் என்று சீனியர்களிடம் ஒரு ஜோதிடம் உண்டு. ஒன்று, திராட்சைக் கொத்து உருண்டை. இல்லையென்றால் குடலில் வாழும் குச்சி. அதுவும் இல்லையென்றால் இரண்டும் கலந்தது. ஆகவே உலகத்தில் உள்ள மற்றக் கிருமிகள் அனைத்தும் எழுத்துத் தேர்வுக்கு மட்டுமே உரியவை.

வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் காசநோய் ஸ்லைடு மேஜையையும் வாய்மொழித் தேர்வையும் பார்த்துக்கொள்வார். கிராம் மேஜை ஹூகாருடையது. ஒருவர் மேஜைக்கு மற்றவர் போவதில்லை என்பது அங்கே எழுதாத சட்டம். வெளியூர்க்காரருக்கு இதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டில் கத்திரிக்காய் எண்ணெய்க் குழம்பு உண்டா என்பதைத்தான் அவர் காலையிலேயே விசாரித்து வைத்திருப்பார்.

மேடையில் முழங்கிய அந்தக் காலத்தில் கல்லூரியில் ஒரு விசித்திரமான கொள்ளைநோய் பரவத் தொடங்கியிருந்தது. ஸ்லைடுகள் ரோஜா நிறமாகிக்கொண்டிருந்தன. ஹூகார் பார்க்கிற உருண்டைக் கொத்துகளில் எல்லாம் ஊதா குறைந்து செங்கல் கலந்து தெரிந்தது.

காரணத்தை அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். இந்தத் தலைமுறைக்குக் கை நிற்பதில்லை. ஸ்பிரிட்டை நாலு நொடியில் நிறுத்த வேண்டியவன் போனைப் பார்த்துக்கொண்டு கழுவுகிறான். கழுவிக்கொண்டே இருந்தால் பாசிடிவ் கிருமியும் நிறத்தை விட்டுவிடும். சாயக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுத் திட்டினார். குழாய்த் தண்ணீரைப் பரிசோதிக்க அனுப்பினார். "நிறம் காப்பாற்றத் தெரியாத தலைமுறை" என்று ஒரு கட்டுரை எழுதிக் கல்லூரி மலரில் போட்டார்.

மாணவர்கள் நல்ல பிள்ளைகள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, ரோஜாத் தோட்டமா?" என்று கேட்ட மாத்திரத்தில், "ஆமா சார், ஸ்பிரிட் அதிகமாயிடுச்சு சார், தப்பு சார்" என்று சொல்லி, பாதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கலப்பு ஸ்லைடு கிடைத்தவர்கள் தப்பித்தார்கள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் குச்சி இருந்ததால் எது அடர்த்தி, எது வெளிறல் என்று அவருக்கே புரிந்துவிடும். தனி உருண்டை கிடைத்தவர்கள்தான் மாட்டினார்கள்.

அவருக்கு அடுத்த நிலையில் இருந்த டாக்டர் நஸீம் முல்லாவை ஒருநாள் அழைத்து, ஒரு ஸ்லைடைக் காட்டினார்.

"பாருங்கம்மா. என்ன கலர்?"

நஸீம் பார்த்தார். நல்ல கத்திரிப்பூ. நிமிர்ந்து தலைவரின் முகத்தைப் பார்த்தார். அதுவும் ஒருவிதமான பரிசோதனைதான்.

"ஓரத்தில கொஞ்சம்... ரெண்டு விதமாவும் சொல்லலாம் சார்."

"அப்படிச் சொல்லுங்க" என்றார் ஹூகார். நஸீமின் பதவி உயர்வு ஃபைலும் அவருடைய மேஜையில்தான் இருந்தது என்பதை நஸீமுக்காகச் சொல்லியாக வேண்டும்.

வீட்டிலும் நிறங்கள் கெட்டுக்கொண்டிருந்தன. ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது மனைவி சரோஜாவைப் பார்த்து, "இந்தக் காப்பிக்கொட்டைக் கலர் புடவையை ஏன் எடுத்தே? அந்த இல்கல் புடவையைக் கட்டக் கூடாதா?" என்றார்.

சரோஜா முந்தானையைத் தூக்கிக் காட்டினார். "இதுதாங்க அந்த இல்கல் புடவை. கத்திரிப்பூ கலர்னு நீங்களே கடையில அரை மணி நேரம் பாடம் நடத்தி எடுத்தது."

"சாயம் போயிடுச்சு."

"புடவைக்குமா? போன வாரம் வேட்டி மஞ்சளாயிடுச்சுன்னு சோப்பை மாத்தச் சொன்னீங்க. முந்தா நாள் பால்ல மஞ்சப்பொடி கலந்திருக்குன்னு பால்காரனைப் பிடிச்சீங்க. உலகத்துல எல்லாருக்கும் சாயம் போகுது, உங்க கண்ணைத் தவிர."

"என் கண்ணைப் பத்திப் பேசாதே. பாக்டீரியாவையே நேர்ல பார்க்கிற கண்ணு."

"பாக்டீரியா திருப்பிப் பேசாதுல்ல, அதான்."

தேர்வு வந்தது. சுவர்ணா படிகேர் என்ற பெண், கதக் பக்கத்துக்காரி, கிராம் மேஜைக்கு வந்தாள். அப்பா மரவேலை செய்பவர். பேச்சு குறைவு. சுவரில் இருந்த பலகையை உண்மை என்று எடுத்துக்கொண்டு படித்த ஒரே ஆள் அந்த வகுப்பில் அவள்தான் என்று பிற்பாடு தோன்றியது. தனி உருண்டைக் குழாய் அவளுக்கு வந்தது. சாயம் போட்டு, லென்ஸில் பார்த்து, எழுதி வைத்தாள்: கத்திரிப்பூ நிறம், உருண்டை, திராட்சைக் கொத்து, கிராம் பாசிடிவ், ஸ்டஃபைலோகாக்கஸ்.

ஹூகார் குனிந்தார். நிமிர்ந்தார்.

"இது என்ன கலர்?"

"கத்திரிப்பூ சார்."

"மறுபடி பாரு."

பார்த்தாள். "கத்திரிப்பூ சார்."

மற்றவர்கள் இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். ஹூகாரும் பாதி மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏம்மா, ஸ்பிரிட்டை அதிகமா ஊத்திட்டே. ஊதா போய் ரோஜா வந்திருக்கு. உருண்டைக் கொத்துன்னா பாசிடிவ்தான்னு புக்ல இருக்கு, அதனால நீ அப்படி எழுதுறே. நான் கேக்குறது புக்ல என்ன இருக்குன்னு இல்லை. கண்ணுக்கு முன்னாடி என்ன இருக்கு?"

"கண்ணுக்கு முன்னாடியும் அதான் சார் இருக்கு."

பக்கத்து மேஜைப் பையன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டான். "சாரின்னு சொல்லுடி" என்று மூச்சுவிடாமல் முணுமுணுத்தான்.

"எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொல்றியா?"

"இல்லை சார். எனக்குக் கத்திரிப்பூவாத் தெரியுதுன்னு சொல்றேன் சார்."

பலகை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஹூகார் அதைச் சுட்டிக் காட்டினார். "அதைப் படி. சாயத்தைக் கழுவினது கைத்தப்பு, அதை மன்னிப்பேன். இல்லாததை இருக்குன்னு எழுதுறது புத்தித்தப்பு. டாக்டராகி நாளைக்கு நோயாளி உடம்பில் இல்லாததையும் இருக்குன்னு எழுதுவே." கிராமுக்குச் சுழியம் போட்டார். அதே பேனாவின் வேகத்தில், தன் கையில் இருந்த மற்றச் செய்முறைகளிலும் கொஞ்சம் குறைந்தது. முடிவு வந்தபோது செய்முறையில் மட்டும் தேறாமல் நின்றவள் சுவர்ணா. ஆறு மாதம் கழித்து மறுதேர்வு. அதுவரை அவள் சொந்த வகுப்போடு இல்லை; ஆட் பேட்ச் என்று விடுதியில் சொல்லும் அந்தப் பெயரில்லாத கூட்டத்தில் ஒருத்தி.

ஹூகாரின் மனசாட்சி அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியது. கண்டிப்பானவர்களுக்கு அந்த வசதி உண்டு.

கண் மருத்துவரிடம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது சரோஜாதான். ஹூகார் மாலை வெயிலில் ஸ்கூட்டரை ஓட்டி, நிறுத்தியிருந்த ஆட்டோவின் பக்கத்தை உரசி, "ஆட்டோவை மண் கலர்ல பெயிண்ட் பண்ணினா எப்படிய்யா தெரியும்?" என்று ஓட்டுநரிடமே கேட்டிருந்தார். ஓட்டுநர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. ஆட்டோ பச்சை.

டாக்டர் ஜோஷி ஹூகாரின் பழைய மாணவர். அந்த நாளில் குச்சிக்கும் உருண்டைக்கும் வித்தியாசம் சொல்லத் திணறித் தேறியவர். இப்போது ஆசிரியரின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், புரை நல்லா முத்திப் போச்சு. லென்ஸ் பழுப்பா, வெல்லப்பாகு மாதிரி இருக்கு. ரெண்டு கண்ணுலேயும்."

"அப்படி ஒண்ணும் தெரியலையேப்பா. எழுத்தெல்லாம் படிக்கிறேன்."

"கொஞ்சம் கொஞ்சமா வர்றதுனால தெரியாது சார். மூளை பழகிக்கும். நீலமும் ஊதாவும்தான் முதல்ல அடிபடும். ஊதாவில் இருக்கிற நீலத்தை லென்ஸ் முழுங்கிடும், மிச்சம் சிவப்பும் பழுப்பும்தான்." ஜோஷி சிரித்தார். அவருக்கு இதில் உள்குத்து ஒன்றும் இல்லை. மனிதர் எப்போதுமே அப்பாவி. "மஞ்சள் கண்ணாடி போட்டுக்கிட்டு எத்தனை வருஷமா சார் மார்க் போட்டுக்கிட்டிருந்தீங்க?"

சரோஜா கணவரைப் பார்த்தார். ஹூகார் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தார். அதில் கருவிழி நீலமாம். அவருக்குச் சாம்பலாகத் தெரிந்தது.

முதலில் வலது கண்ணில் ஆபரேஷன். கட்டை அவிழ்த்த அன்று காலை ஹூகார் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். இவ்வளவு நீலமாகவா இருந்தது? குழல்விளக்கு நீலம் கக்கியது. வேட்டி வெள்ளை. பால் வெள்ளை. சரோஜா வந்து எதிரில் நின்றார். வேண்டுமென்றே அந்த இல்கல் புடவை.

"சொல்லுங்க, என்ன கலர்?"

ஹூகார் வலது கண்ணை மூடினார். காப்பிக்கொட்டை. திறந்து இடது கண்ணை மூடினார். கத்திரிப்பூ. மறுபடி மாற்றினார். ஒரே புடவை, ஒரே வீடு, ஒரே மனைவி.

"பால்காரன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார்.

"பால்காரன்கிட்ட மட்டுமா?" என்றார் சரோஜா. அவர் ஆட்டோக்காரரை நினைத்துச் சொன்னார். ஹூகாருக்கு வேறு ஒருத்தியின் முகம் வந்தது.

அன்றைக்கு ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஓய்வெடுக்கவில்லை. துறைக்குப் போய், அலமாரியில் இருந்த ஸ்லைடுப் பெட்டிகளில் ஒன்றை எடுத்தார். தேர்வு ஸ்லைடுகளை அடுத்த தேர்வு வரை தூக்கியெறியாமல் பாதுகாப்பது அந்தத் துறையில் மட்டும் உள்ள வழக்கம். அதைக் கொண்டுவந்தவர் அவரேதான். நாளைக்கு எவனும் வந்து என் மதிப்பெண் தப்பு என்று பேசக் கூடாது, பேசினால் ஸ்லைடை எடுத்து முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது, முகம்தான் மாறிவிட்டது.

சுவர்ணாவின் எண் ஒட்டிய ஸ்லைடை வைத்து எண்ணெய் விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். இடது கண்: செங்கல் கலந்த மங்கல் நிறம், உருண்டைக் கொத்து. அன்று பார்த்த அதே காட்சி. அப்பாடா என்று கூட ஒரு நொடி தோன்றியது. பிறகு வலது கண்.

ஆழ்ந்த, அப்பழுக்கில்லாத, கத்திரிப்பூ. ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியாக, திராட்சை போலக் கொத்துக் கொத்தாக. பாடப்புத்தகத்தில் படம் போடலாம். ஸ்பிரிட்டை எந்த நொடியில் நிறுத்த வேண்டுமோ அந்த நொடியில் நிறுத்திய கை.

விஞ்ஞானிக்கு ஒரே ஒரு பார்வை போதாது. ஒருவேளை பெட்டியில் கிடந்து நிறம் மாறியிருக்கலாம் என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். ரோஜா பெட்டிக்குள் கிடந்து கத்திரிப்பூவாகாது என்று தனக்குத்தானே எதிர்வாதமும் வைத்தார். புதிதாகத் தன் கையாலேயே உருண்டைக் கிருமியை எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தார். வலதுக்கு பாசிடிவ், இடதுக்கு நெகடிவ். இரண்டு கண்களுக்கு இரண்டு விதமாகச் சாயம் பிடிக்கும் இப்படி ஓர் உயிரினத்தை இதுவரை யாரும் வகைப்படுத்தியதில்லை. தகுந்த பெயர் வைத்துக் கட்டுரை எழுதலாம். ஹூகார் எழுதவில்லை. அந்த ஆண்டு ரோஜா ஸ்லைடு என்று பாதி மதிப்பெண் போட்ட மற்றவர்களின் ஸ்லைடுகளையும் ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் கத்திரிப்பூ. தப்பு செய்யாமலே தப்பு என்று சொல்லித் தேறிய பிள்ளைகள். அவர்கள் இப்போது மேல் வகுப்பில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பல்கலைக்கழகத் தேர்வு அலுவலகத்துக்குப் போனார். பிரிவுக் கண்காணிப்பாளர் ஹிரேமட் அவருக்கு நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, முழுவதையும் கேட்டார்.

"சார், செய்முறைக்கு மறுமதிப்பீடு கிடையாது. உங்க கையெழுத்து, வெளியூர்க்காரர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து. முடிஞ்சது."

"நான் தப்பா பார்த்துட்டேன்னு எழுதிக் கொடுக்கிறேன்."

ஹிரேமட் தேநீரைக் கீழே வைத்தார். அனுபவசாலி. "எழுதிக் கொடுங்க. கண்ணு எப்ப இருந்து சரியில்லைன்னும் எழுதணும். அப்புறம் அத்தனை வருஷத்து பேட்சும் இந்த வராந்தாவில் வந்து நிக்கும். தேறாதவன் மட்டும் இல்லை சார், தேறினவனைப் பத்தியும் ஒருத்தன் கேப்பான். ரிட்டயர்மெண்டுக்கு எவ்வளவு நாள் இருக்கு உங்களுக்கு?"

ஹூகார் சொன்னார்.

"அந்தப் பொண்ணு எப்படியும் அடுத்த தேர்வில் தேறிடும் சார். நல்ல பொண்ணுதானே? ஆறு மாசம். டாக்டராகி நாப்பது வருஷம் பார்க்கப் போகுது, அதுல ஆறு மாசம் ஒரு கணக்கா?"

அடுத்தவருடைய ஆறு மாதம் எப்போதுமே ஒரு கணக்கில்லைதான். எழுதி எடுத்துப் போயிருந்த தாளை ஹூகார் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேநீர் நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

சரி, அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று இருந்தார். சாயங்காலம் கல்லூரி வாசலில், கிர்மிட் என்னும் மசாலாப் பொரி விற்கும் வண்டி அருகே சுவர்ணா தனியாக நின்று பொரியைத் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பழைய வகுப்புத் தோழிகள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார்கள். ஒருத்தி கை ஆட்டினாள். "வார்டுக்கு லேட்டாச்சுடி, அப்புறம் வரேன்." சுவர்ணாவும் கை ஆட்டினாள். அவளுக்கு லேட்டாவதற்கு ஒன்றும் இல்லை.

ஹூகார் பக்கத்தில் போய் நின்றார். அவள் பொரித்தாளை மடித்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"நல்லாப் படிக்கிறியாம்மா?"

"படிக்கிறேன் சார்."

தொண்டை வரை வந்தது. என் கண்தான் தப்பு, உன் கை இல்லை. ஆறே சொல். நாக்கில் ஏற்றுவது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளிடம் தப்பு ஒப்புக்கொள்ளச் சொன்னவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஸ்பிரிட்டை..." என்றார். "ஸ்பிரிட்டைக் கொஞ்சமா ஊத்து."

"சரி சார்."

வண்டிக்காரர், "சாருக்கு ஒரு பிளேட் போடவா, மிளகா பஜ்ஜியோட?" என்று கேட்டார். ஹூகார் வேண்டாம் என்று கையாட்டிவிட்டு வேகமாக நடந்தார். வீட்டுக்குப் போனதும் சரோஜாவிடம் சொன்னார்.

"மன்னிப்புக் கேக்கப் போய் மறுபடி திட்டிட்டு வந்திருக்கீங்க."

"திட்டலையே. அறிவுரைதானே..."

"உங்களுக்கு அது ரெண்டும் ஒரே கலர்லதான் தெரியும்."

இடையில் இடது கண்ணும் சரியானது. இப்போது இரண்டு கண்ணுக்கும் கத்திரிப்பூ கத்திரிப்பூவாகவே தெரிந்தது. கொள்ளைநோய் ஒரே வாரத்தில் கல்லூரியை விட்டுப் போயிற்று. மாணவர்களின் கை நின்றுவிட்டது, சாயக் கம்பெனி திருந்திவிட்டது, தண்ணீர் சுத்தமாகிவிட்டது. "ஸ்லைடெல்லாம் இப்போ நல்லா வருது, இல்லையா சார்?" என்றார் நஸீம் பட்டும் படாமல்.

"நீங்க அன்னிக்கு ரெண்டு விதமாச் சொல்லலாம்னு சொன்னீங்களே."

நஸீம் வெகுநேரம் லென்ஸைத் துடைத்தார். "நீங்க ரெண்டாவது விதத்தைக் கேக்கலை சார்."

மறுதேர்வு நாள். ஐந்தாறு பேர்தான். ஹூகார் முந்தின நாளே முடிவு செய்திருந்தார்: அவள் கத்திரிப்பூ என்று எழுதுவாள், நான் குனிந்து பார்ப்பேன், "சரியா எழுதியிருக்கேம்மா, அன்னிக்கும் சரியாத்தான் எழுதியிருந்தே" என்று எல்லார் காதும் கேட்கச் சொல்லிவிடுவேன். வெளியூர்க்காரர் கேட்டாலும் கேட்கட்டும். வாக்கியத்தைக் குளிக்கும்போது இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். குழாய்த் தாங்கியில் எல்லாக் குழாயிலும் உருண்டை இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இது தேர்வு விதிப்படி சரியா என்று யாரும் கேட்கவில்லை.

சுவர்ணா சாயம் போட்டாள். ஸ்பிரிட்டை அதே அழகோடு ஊற்றி அதே நொடியில் நிறுத்தினாள். லென்ஸில் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு எழுதிவிட்டு எழுந்து நின்றாள்.

ஹூகார் முதலில் லென்ஸில் குனிந்தார். கத்திரிப்பூ, கொத்துக் கொத்தாக. நிமிர்ந்து, தயார் செய்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு, அவள் தாளைப் பார்த்தார்.

ரோஜா நிறம், உருண்டை, கொத்து, கிராம் நெகடிவ், வெயில்லொனெல்லா.

அப்படி ஒரு கிருமி உண்டு. ரோஜா நிறத்தில், உருண்டையாக, சில சமயம் கொத்தாகவும் இருக்கக்கூடியது. மனித வாயில் குடியிருப்பது, காற்றுப் பட்டால் வளராதது. தடித்த புத்தகத்தின் பின்பகுதியில் பொடி எழுத்தில் இருக்கும்; தேர்வில் யாரும் கேட்டதில்லை. இந்த நிறமும் இந்த வடிவமும் எங்கேயாவது சேர்ந்து வருமா என்று ஆறு மாதம் தேடியவளுக்கு மட்டும்தான் அது கண்ணில் படும். திறந்த குழாயில் அது இருக்கவே முடியாது என்பதும் அதைத் தேடிக் கண்டுபிடித்தவளுக்குத் தெரிந்தே இருக்கும்.

"என்னம்மா இது?"

"நெகடிவ் சார்."

"இன்னொரு தடவை பாரு. அவசரம் இல்லை."

பார்க்கவில்லை. லென்ஸின் பக்கம் தலையைக் கூடத் திருப்பவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தாள். "ரோஜாதான் சார்."

"பயப்படாதே. உனக்கு நிஜமா என்ன தெரியுதோ சொல்லு. என் கண்ணு அப்போ..." வெளியூர்க்காரர் காசநோய் மேஜையிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார். ஹூகார் குரலைத் தாழ்த்தினார். "எனக்குக் கண் ஆபரேஷன் ஆச்சும்மா. அப்போ சரியாத் தெரியலை. இப்போ தெரியுது. இது கத்திரிப்பூதானே?"

சுவர்ணா யோசித்தாள். இது எந்தப் பாடத்தில் வரும் கண்ணி என்று யோசிப்பது தெரிந்தது. போன தடவை உண்மையைச் சொல்லி ஆறு மாதம் போயிற்று. இந்தத் தடவை கேள்வியே வேறு உருவத்தில் வருகிறது.

"நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படித்தான் சார். ஆனா நான் எழுதினது ரோஜாதான் சார். கைத்தப்புன்னா மன்னிச்சிடுங்க சார். ஸ்பிரிட் கொஞ்சம் அதிகமாயிடுச்சு."

பாடம் நன்றாகப் படிந்திருந்தது. கழுவினாலும் போகாது.

"என்ன டாக்டர் ஹூகார், ஏதாவது தகராறா?" என்றார் வெளியூர்க்காரர், நாற்காலியை விட்டு எழாமலே.

பலகை மேலே இருந்தது. புதுக் கண்ணுக்கு அதன் எழுத்துகள் மிகத் தெளிவாகத் தெரிந்தன.

"ஒண்ணும் இல்லை" என்றார் ஹூகார். "ரிப்போர்ட் சரியா இருக்கு."

லென்ஸுக்குக் கீழே இருந்த கத்திரிப்பூவைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். பேனாவைத் திறந்து, ரோஜா என்று எழுதியிருந்த தாளில் முழு மதிப்பெண் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.